நல்ல ஃபண்ட் பட்டியல் தரும் புத்தகம் உங்களுக்கு வேண்டாம்

*வணக்கம் மேடம். எனக்கு வயது 34. வீடு குழித்துறையில். தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையில் வருவது 48,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 24,000. டேர்ம் பாலிசி, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, ஆறு மாதச் செலவுக்கு எஃப்டி எல்லாம் இருக்கிறது. பிஎஃப்பில் 6.2 லட்சம், பிபிஎஃப்பில் 2.2 லட்சம் (வருடம் 12,000 போடுகிறேன்). பெரியப்பா மகன் அண்ணன் ஃபண்ட் ஏஜென்ட். அவர் சொல்லி 4 வருடமாக 3 ஃபண்டில் மாதம் 6,000 எஸ்ஐபி போகிறது. இரண்டு லார்ஜ் கேப், ஒரு ஃப்ளெக்ஸி கேப். இன்றைய மதிப்பு 3.6 லட்சம். இனி மாதம் 10,000 போட ஆசை, ஆனால் புரிந்துகொண்டு போட வேண்டும். சேமிப்பு, இன்சூரன்ஸ் பற்றிப் படித்தது போதும். நல்ல ஃபண்டைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தரும் புத்தகம் எது? அமெரிக்கப் புத்தகம் நமக்குப் பொருந்துமா? தமிழில் உண்டா? பங்குச் சந்தையில் இவ்வளவு போடுவது ரிஸ்க்தானே என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அண்ணனோ 10 ரூபாய் என்ஏவியில் புது ஃபண்ட் வருகிறது, மலிவு என்கிறார்.*

*- வாசகர், குழித்துறை*

பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். ஒன்று, மோனிகா ஹலன் எழுதிய ‘லெட்ஸ் டாக் மியூச்சுவல் ஃபண்ட்ஸ்’. இரண்டு, ஜான் போகிள் எழுதிய ‘தி லிட்டில் புக் ஆஃப் காமன் சென்ஸ் இன்வெஸ்டிங்’. மூன்று, பெஞ்சமின் கிரஹாமின் ‘இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’, ஆனால் அதில் இரண்டே அத்தியாயம். இதே வரிசையில் படியுங்கள். இதற்கு மேல் பத்துப் புத்தகம் படித்தாலும் உங்கள் நிலையில் இருக்கிற ஒருவருக்குப் புதிதாக அதிகம் கிடைக்காது.

இந்த மூன்றில் எதுவுமே நீங்கள் கேட்ட அந்த ஒன்றை, அதாவது நல்ல ஃபண்டைத் தேர்ந்தெடுப்பதை, நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி கற்றுத்தராது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி படித்துவிட்டு ஏமாற்றமாக இருக்கும். இன்ன ஃபண்டை வாங்கு என்று பட்டியல் போடும் புத்தகம் அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் அந்தப் பட்டியல் பழசாகிவிடும். ஃபண்ட் மேனேஜர் மாறியிருப்பார், சில சமயம் ஃபண்டின் பெயரும் வகையும்கூட மாறியிருக்கும். அதோடு கடந்த ஐந்து வருடத்தில் முதலிடத்தில் நின்ற ஃபண்ட் அடுத்த ஐந்து வருடமும் அங்கேயே நிற்பது அபூர்வம். நட்சத்திர மதிப்பீடுகள் பெரும்பாலும் பழைய வருமானத்தை வைத்துப் போடப்படுபவை. நாளைய வருமானத்தைப் பற்றி அவற்றுக்குத் தெரிந்தது குறைவு. போகிள் இதற்கென்றே பக்கம் பக்கமாக எண்களைக் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் புத்தகம் எதற்கு என்றால், உங்கள் கையில் உறுதியாக இருக்கிற விஷயங்களைச் சரிசெய்ய. செலவு எவ்வளவு கொடுக்கிறோம், பிஎஃப் மாதிரி உறுதியான இடத்தில் எவ்வளவு, பங்கில் எவ்வளவு என்ற விகிதம், சந்தை விழும்போது நாம் என்ன செய்வோம். இந்த மூன்றுக்கும் புத்தகத்தில் நல்ல பதில் இருக்கிறது.

படிக்கும் விதம்

மோனிகா ஹலனின் புத்தகம் 2023-இல் வந்தது, நம் நாட்டு விதிகளை வைத்து எழுதியது, எளிய ஆங்கிலம். அவருடைய முந்தைய புத்தகமான ‘லெட்ஸ் டாக் மனி’யில் (2018) அவசரகால நிதி, இன்சூரன்ஸ் எல்லாம் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். அது உங்களுக்குத் தெரிந்த பாடம், அதனால் நேராக ஃபண்ட் புத்தகத்துக்கே போய்விடலாம். ஃபண்ட் என்றால் என்ன, வகைகள் என்ன, எந்தத் தேவைக்கு எந்த வகை என்பது இதில் தெளிவாகிவிடும்.

போகிள் ‘வான்கார்டு’ நிறுவனத்தை ஆரம்பித்தவர், சாதாரண மக்களுக்கான முதல் இன்டெக்ஸ் ஃபண்டை, அதாவது சந்தைக் குறியீட்டில் இருக்கிற பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டை, 1976-இல் கொண்டுவந்தவர். புத்தகம் 2007-இல் வந்தது, 2017-இல் பத்தாவது ஆண்டுப் பதிப்பு வந்தது. வாங்கினால் 2017 பதிப்பையே வாங்குங்கள். முதலீட்டை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதற்கும் ஓய்வுக்காலத்துக்கும் தனி அத்தியாயங்கள் அதில்தான் சேர்ந்தன. அத்தியாயங்கள் சின்னச் சின்னது, குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் ஒன்றிரண்டு முடிந்துவிடும். நடுவில் கொஞ்சம் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்வார், மனிதர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர் வாதம் இதுதான். சந்தையில் இருக்கிற எல்லா முதலீட்டாளர்களையும் சேர்த்தால் அதுவே சந்தை. அதனால் செலவுக்கு முன்னால் எல்லோருடைய சராசரி வருமானமும் சந்தையின் வருமானம்தான். செலவைக் கழித்தபின் சராசரி ஆள் சந்தைக்குக் கீழேதான் இருக்க முடியும். எவ்வளவு கீழே என்றால், எவ்வளவு செலவு கொடுத்தாரோ அவ்வளவு. ஆகவே மிகக் குறைந்த செலவில் சந்தை முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இரு என்கிறார். இதை மறுக்க வேண்டுமென்றால், சராசரிக்கு மேலே போகப்போகிற ஃபண்டை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி ஒன்றை நீங்கள் காட்ட வேண்டும்.

கிரஹாமின் புத்தகம் 1949-இல் முதலில் வந்தது. தனித்தனிப் பங்குகளை அலசும் அத்தியாயங்கள் ஃபண்டில் போடுகிற உங்களுக்குத் தேவையில்லை. நான்காவது அத்தியாயமும் எட்டாவது அத்தியாயமும் போதும். நான்காவதில் பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் இடையே பணத்தைப் பிரிப்பது பற்றி வரும். எட்டாவதில் தினமும் வந்து ஒரு விலை சொல்லும் ‘மிஸ்டர் மார்க்கெட்’ வருவார். விலை இறங்கும்போது மனசு என்ன பாடுபடும் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இந்தப் புத்தகத்தை வாங்கக்கூட வேண்டாம், நூலகத்திலோ நண்பரிடமோ இரவல் கிடைத்தால் போதும்.

அமெரிக்கப் புத்தகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

பொருந்துமா என்று கேட்டீர்கள். கணக்கு பொருந்தும், சட்டம் பொருந்தாது. நிறையப் பேர் இந்த இரண்டையும் பிரிக்காமல், ஒன்று எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் இது நம்ம ஊருக்கு ஆகாது என்று மூடிவைத்துவிடுகிறார்கள்.

செலவுக் கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான். உங்கள் 10,000 ரூபாயை வைத்தே பார்ப்போம். 20 வருடம் மாதாமாதம் போட்டால் நீங்கள் கட்டுவது 24 லட்சம். செலவுக்கு முன்னால் வருடத்துக்கு 11 சதவீதம் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை). ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் செலவு 1.7 சதவீதம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 9.3, அது 20 வருடத்தில் சுமார் 66 லட்சம் ஆகும். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானில் ஒரு நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்ட், செலவு 0.2 சதவீதம் என்றால் மிஞ்சுவது 10.8, அது சுமார் 79 லட்சம் ஆகும். வித்தியாசம் 13 லட்சம் அளவுக்கு. நீங்கள் கட்டிய மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல். அந்த மேனேஜர் தன் செலவைத் தாண்டிச் சந்தையை ஜெயித்தால் இந்தக் கணக்கு மாறும், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒன்றரை சதவீதம் ஜெயித்தால்தான் அவர் இன்டெக்ஸுக்குச் சமமாகவே வருவார். நம் நாட்டிலும் லார்ஜ் கேப் வகையில் நீண்ட காலத்தில் பாதிக்கு மேற்பட்ட ஃபண்டுகள் பின்தங்கித்தான் போயிருக்கின்றன. மிட் கேப், ஸ்மால் கேப்பில் நிலைமை அவ்வளவு ஒரு பக்கமாக இல்லை, அங்கே போகிள் சொல்வதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

விட வேண்டியது முதலில் வரி. அமெரிக்காவில் ஃபண்டுக்குள்ளேயே மேனேஜர் பங்கை விற்று லாபம் பார்த்தால் அந்த லாபத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக்கொடுத்துவிடுவார்கள், நீங்கள் ஒரு யூனிட்கூட விற்காமலே வரி கட்ட வேண்டிவரும். அதனால் அடிக்கடி வாங்கி விற்கும் ஃபண்டை போகிள் வரிக்காகவும் திட்டுவார். இங்கே லாபத்தைப் பிரித்துக்கொடுக்காமல் ஃபண்டுக்குள்ளேயே விடும் குரோத் ஆப்ஷனில் அப்படி இல்லை. ஃபண்ட் உள்ளே எத்தனை முறை வாங்கி விற்றாலும் நீங்கள் விற்கும்போது மட்டும்தான் வரி. ஆக இன்டெக்ஸுக்கு ஆதரவாக அவர் சொல்லும் காரணங்களில் இந்த ஒன்று நமக்குச் செல்லாது. நான் பார்த்த தமிழ்க் கட்டுரைகள் சிலவற்றில் இதையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஓய்வுக்கால வரிச்சலுகைக் கணக்குகள் பற்றி வரும் பக்கங்களையும் தள்ளிவிடலாம்.

பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டான இடிஎஃப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் புத்தகங்கள் இன்டெக்ஸ் ஃபண்டையும் இடிஎஃப்பையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே பேசும், அங்கே வாங்குவதும் விற்பதும் அவ்வளவு சுலபம். நம் சந்தையில் பல இடிஎஃப்களில் வியாபாரமே குறைவு, நீங்கள் வாங்கும் விலை என்ஏவியிலிருந்து விலகிப் போகலாம். மாதச் சம்பளத்திலிருந்து எஸ்ஐபி போடும் ஒருவருக்கு இன்டெக்ஸ் ஃபண்டே வசதி, டீமேட் கணக்கும் வேண்டியதில்லை.

மாற்றிப் படிக்க வேண்டியது கடன் பத்திரம். போகிளும் கிரஹாமும் ‘பாண்ட்’ என்று எழுதும் இடமெல்லாம் நீங்கள் பிஎஃப், பிபிஎஃப் என்று படித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் வீட்டாரின் பயத்துக்கும் பதில் இருக்கிறது.

உங்கள் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு

அவசரத்துக்கு வைத்திருக்கும் எஃப்டியை ஓரமாக வைத்துவிடுங்கள், அது முதலீடு இல்லை. மீதி, பிஎஃப் 6.2, பிபிஎஃப் 2.2, ஆக 8.4 லட்சம் உறுதியான பக்கம். ஃபண்ட் 3.6 லட்சம் பங்கு பக்கம். மொத்தம் 12 லட்சத்தில் பங்கு 30 சதவீதம். ரிஸ்க் அதிகம் என்று வீட்டில் பயப்படுவது எஸ்ஐபி தொகையை மட்டும் பார்த்து, பிஎஃப்பை மறந்துவிட்டு. கிரஹாம் நான்காவது அத்தியாயத்தில் கொடுக்கும் வரம்பு, பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, 75-க்கு மேலே போகக்கூடாது, சாதாரணமாகப் பாதிப் பாதி. நீங்கள் கீழ் வரம்பை ஒட்டித்தான் நிற்கிறீர்கள்.

இனி மாதாமாதம் போவதைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 24,000-க்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 2,880 ரூபாய். மருத்துவமனையும் அதே 2,880 கட்டும், ஆனால் அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், பிஎஃப் கணக்கில் சேருவது 1,630. (சம்பளச் சீட்டில் இருவரும் சமமாகக் கட்டுவதாகத் தெரியும், பாஸ்புக்கில் குறைவாக இருக்கும். பதறிப்போய்க் கேட்பவர்கள் நிறைய.) ஆக 4,510, பிபிஎஃப்புக்கு மாதக் கணக்கில் 1,000, மொத்தம் 5,510 உறுதியான பக்கம். எஸ்ஐபியை 10,000 ஆக்கினால் புதுப் பணத்தில் சுமார் 64 சதவீதம் பங்குக்குப் போகும். பங்கு 11, உறுதியான பக்கம் 8 சதவீதம் என்ற அளவில் வளர்ந்தால் ஐந்தாறு வருடத்தில் கிட்டத்தட்ட பாதிப் பாதிக்கு வந்துவிடுவீர்கள். உங்கள் வயதுக்கு அது அதிகமில்லை, அப்போது நின்று மறுபடி யோசித்தால் போதும்.

ரிஸ்க் இல்லையென்று சொல்லவில்லை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே அக்டோபர் கடைசியில் 8,500 அளவுக்கு வந்தது. 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. உங்கள் 3.6 லட்சம் இரண்டு மாதத்தில் 2.2 லட்சம் ஆனதாக நினைத்துப் பாருங்கள். மொத்த 12 லட்சத்தில் அது 1.4 லட்சம், சுமார் 12 சதவீத இறக்கம். அப்போது எஸ்ஐபியை நிறுத்தாமல் இருப்பீர்களா என்பதுதான் கேள்வி, அதற்காகத்தான் எட்டாவது அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னது. இப்போது ஒருமுறை, சந்தை நன்றாக விழுந்த பிறகு ஒருமுறை படியுங்கள், இரண்டாவது தடவை வேறு மாதிரி தெரியும்.

மூன்று ஃபண்டுகளைப் பற்றி. இரண்டு லார்ஜ் கேப் எதற்கு? 2017 அக்டோபரில் செபி போட்ட வகைப்பாட்டின்படி லார்ஜ் கேப் ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில்தான் போட வேண்டும். இரண்டு ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டை எடுத்து முதல் பத்துப் பங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஏழெட்டுப் பெயர் ஒன்றாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரே பங்குகளுக்கு இரண்டு மேனேஜர்களுக்குக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். போகிளைப் படித்து முடித்ததும் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள், அவர் சொன்னது அப்போதுதான் உறைக்கும்.

அண்ணன் விஷயம், 10 ரூபாய் ஃபண்ட்

10 ரூபாய் மலிவு இல்லை. 10,000 ரூபாய்க்கு 10 ரூபாய் என்ஏவியில் 1,000 யூனிட், 400 ரூபாய் என்ஏவியில் 25 யூனிட். உள்ளே இருக்கிற பங்குகள் 10 சதவீதம் ஏறினால் இரண்டுமே 11,000 ஆகும். தனிப் பங்கின் விலை மாதிரி என்ஏவியைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. என்ஏவி என்பது ஃபண்டிலிருக்கும் சொத்தை யூனிட்களால் வகுத்த எண், அவ்வளவுதான். பழைய ஃபண்டுக்கு ஏற்ற இறக்கங்களைத் தாண்டி வந்த கணக்கு இருக்கிறது, புது ஃபண்டுக்கு அதுவும் கிடையாது. இதை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

உங்கள் ஃபண்டுகள் ரெகுலர் பிளானாகத்தான் இருக்கும், ஸ்டேட்மென்டில் ஃபண்ட் பெயரின் கடைசியில் போட்டிருப்பார்கள். கமிஷன் எவ்வளவு என்று ஊகிக்கவும் வேண்டாம், அவரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். எல்லா ஃபண்டையும் சேர்த்து மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் இருக்கிறதல்லவா, அதில் அரையாண்டுக்கு ஒருமுறை வருவதில் உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷனை ரூபாயில் போட்டிருப்பார்கள், சராசரிச் செலவு விகிதமும் இருக்கும். 0.9 சதவீதம் என்று வைத்தால் 3.6 லட்சத்துக்கு வருடம் 3,240 ரூபாய். இன்றைக்கு அது பெரிய தொகை இல்லை. இதுவே 40 லட்சம் ஆகும்போது வருடம் 36,000.

அண்ணன் செய்தது தப்பு என்று நினைக்காதீர்கள். 4 வருடம் நீங்கள் நிறுத்தாமல் போட்டதில் அவருக்கும் பங்கு உண்டு, அந்த வேலைக்குக் கூலி உண்டு. சந்தை இறங்கும்போது போன் போட்டு, விற்காதே தம்பி என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்று தோன்றினால் அவரிடமே இருங்கள், அந்த 0.9 சதவீதத்துக்கு அதுதான் கிடைக்கிறது என்று தெரிந்து கொடுங்கள். இல்லை, படித்துவிட்டு நானே பார்த்துக்கொள்வேன் என்றால், பழையதை அப்படியே இருக்கவிட்டுப் புது 10,000-ஐ மட்டும் டைரக்ட் பிளானில் தொடங்குவது குடும்பத்துக்குள் மனக்கசப்பு வராத வழி.

பழையதையும் மாற்றுவதென்றால் ஒரு எச்சரிக்கை. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது ஒரே ஃபண்டுக்குள் என்றாலும் விற்று வாங்குவதாகத்தான் சட்டம் பார்க்கும். உங்கள் முதலீடு 2.88 லட்சம், லாபம் சுமார் 72,000. ஒரு வருடம் தாண்டிய யூனிட்களின் லாபத்துக்கு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அந்த வருடம் வேறு ஃபண்டோ பங்கோ விற்காமல் இருந்தால் உங்களுக்கு வரி வராது. ஆனால் ஒவ்வொரு எஸ்ஐபி தவணையும் தனி வாங்குதல். கடைசி 12 தவணைகளுக்கு இன்னும் வருடம் ஆகவில்லை, அவற்றின் லாபத்துக்கு 20 சதவீத வரி, பல ஃபண்டுகளில் 1 சதவீத வெளியேறும் கட்டணமும் சேரும். ஆகவே முதலில் ரெகுலர் எஸ்ஐபியை நிறுத்துங்கள், பழைய 36 தவணைகளின் யூனிட்களை மாற்றுங்கள், மீதியை வருடம் நிறைந்தபின் எடுங்கள். முதலில் வாங்கியது முதலில் விற்றதாகத்தான் கணக்கு, அதனால் யூனிட் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

தமிழில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். தமிழில் முதலீடு என்று தேடினால் முதலில் வருவது சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ வரிசை. நல்ல எழுத்து, ஆனால் அது பெரும்பாலும் பங்குச் சந்தைக்கானது, நீங்கள் கேட்பது ஃபண்ட். ஃபண்டுக்கென்றே வந்த தமிழ்ப் புத்தகங்களில் சிக்கல் அவற்றின் வயதுதான். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கடையிலும் நூலகத்திலும் பழைய பதிப்பே நிற்கும். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தாலும் சரி, வேறெங்கே எடுத்தாலும் சரி, அட்டையை நம்பாமல் உள்ளே நாலு இடம் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

நுழைவுக் கட்டணம் 2.25 சதவீதம் பிடிப்பார்கள் என்று இருந்தால் அது 2009 ஆகஸ்டுக்கு முந்தைய புத்தகம், அன்றோடு அந்தக் கட்டணம் ஒழிந்தது. டைரக்ட் பிளான் என்ற பேச்சே இல்லையென்றால் 2013 ஜனவரிக்கு முந்தையது. பங்கு ஃபண்டை ஒரு வருடம் வைத்திருந்தால் வரியே கிடையாது என்றால் 2018 ஏப்ரலுக்கு முந்தையது. லாபத்தில் 1 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் என்றால் 2024 ஜூலை 23-க்கு முந்தையது. கடைசி வகையைத் தாராளமாகப் படிக்கலாம், வரிப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். முதல் இரண்டு வகையில் செலவு பற்றிய அத்தியாயமே தப்பாக இருக்கும், அது வேண்டாம். மோனிகா ஹலனின் புத்தகத்துக்கும் இந்தக் கடைசிச் சோதனை பொருந்தும், 2023-இல் வந்தது என்பதால் அதிலுள்ள வரி விகிதம் இன்றையது இல்லை.

உங்களுக்குக் கணக்கு எழுதும் வேலை, அதனால் இதையும் சொல்கிறேன். ஃபண்ட் விநியோகஸ்தர் ஆக விரும்புவோர் எழுதும் ‘நிசம் சீரிஸ் 5-ஏ’ தேர்வுக்கு ஒரு பாடப்புத்தகம் உண்டு, நிசம் இணையதளத்தில் இருக்கும். என்ஏவி எப்படிக் கணக்கிடுகிறார்கள், செலவு எங்கிருந்து கழிகிறது, எந்த ஆவணத்தில் எது இருக்கும் என்பதெல்லாம் வரிசையாக வரும். சுவாரசியமாக இருக்காது, ஆனால் உங்கள் அண்ணன் படித்துத் தேர்வான பாடம் அதுதான். எந்தப் புத்தகத்தில் சந்தேகம் வந்தாலும் அங்கே திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் படிப்பு, வீடு என்று இலக்கு வைத்துக் கணக்குப் போட ஆசை வந்தால் பி.வி. சுப்ரமணியமும் எம். பட்டாபிராமனும் சேர்ந்து எழுதிய ‘யூ கேன் பி ரிச் டூ’ இருக்கிறது. அதை நான் முதல் மூன்றில் சேர்க்காததற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் இலக்கு எதுவுமே இல்லை. மாதம் 10,000 என்று எழுதியிருக்கிறீர்கள், எதற்கு, எந்த வருடத்துக்கு என்று எழுதவில்லை. அதை வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட பிறகு அந்தப் புத்தகத்தை எடுங்கள். ஐந்து வருடத்துக்குள் வேண்டிய பணம் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால் அதற்கு மேலே சொன்ன இன்டெக்ஸ் கணக்கு பொருந்தாது, அது எஃப்டியிலோ ஆர்டியிலோ இருக்கட்டும்.